அந்த 40 சதவீதம் எதிலிருந்து? டெவ்ஆப்ஸ் ரெஸ்யூமில் எண் போடுவது பற்றி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து கிளவுட் வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு பக்கம் கோவை, இன்னொரு பக்கம் கொச்சி இன்ஃபோபார்க். இரண்டு பக்கமும் ரெஸ்யூம் அனுப்பிவிட்டுப் பதிலே வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் யாரும் ஐடியில் இல்லை, கேட்க ஆளில்லை. ரெஸ்யூம் எழுதித் தருகிறோம் என்றவர்களுக்குக் கட்டிய பணம் போயிற்று, தேர்வுக் கட்டணம் போயிற்று, மாதங்களும் போயின. அதைவிட வலித்தது, இன்டர்வியூ வரை போய் ஒரே கேள்வியில் வாயடைத்துப் போவது. "பில்லை 40 சதவீதம் குறைச்சேன்னு போட்டிருக்கீங்க. எத்தனையில 40?" கொச்சிப் பேனலில் இதையே மலையாளத்தில் கேட்பார்கள். கேள்வி மாறாது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன். என் கதை இவ்வளவு போதும், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வேலைக்கான ரெஸ்யூமில் எண் இருந்தே ஆகவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. அது வரக்கூடிய முக்கிய இடங்கள் மூன்று: பைப்லைனின் ஓட்ட வரலாறு, டிக்கெட் வரலாறு, கிளவுட் பில். மூன்றுமே கம்பெனியின் கணக்குக்குள் இருக்கின்றன. ரிலீவிங் நாளன்று மாலை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒன்றையும் பார்க்க முடியாது. பல இடங்களில் ராஜினாமா மெயில் போன உடனேயே பில்லைப் பார்க்கும் அனுமதியை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே வேலை மாறும் எண்ணம் மனதில் வந்த அன்றே, மெயில் எழுதுவதற்கு முன், எண்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஃபைலை சொந்த மெயிலுக்கு அனுப்பவும் வேண்டாம். அது ரகசிய ஒப்பந்தத்தை மீறுவது, பிடிபட்டால் ரிலீவிங் லெட்டரே சிக்கலாகிவிடும். ஒரு நோட்டில் எண்ணிக்கையும் விகிதமும் இருந்தால் போதும். வாடிக்கையாளர் பெயர், சர்வர் பெயர் எதுவும் அதில் வேண்டாம்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கொழிஞ்சாம்பாறைப் பெண் ஒருவர், நான்கு வருட அனுபவம், கோவையில் மில்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரெஸ்யூமில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன: சிஐ சிடி பைப்லைன்கள் அமைத்தேன். டிப்ளாய்மென்ட் வேகத்தைக் கூட்டினேன். ஏடபிள்யூஎஸ் செலவை 40 சதவீதம் குறைத்தேன். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் போகும். அந்த வாசகங்களை இங்கே தமிழில் சொல்கிறேன். இந்த மூன்று வரிகளும் பொய்யில்லை. ஆனால் இதையே இன்னும் நூறு பேர் எழுதியிருப்பார்கள், ரெஸ்யூமைப் பார்ப்பவருக்கு யார் யார் என்றே தெரியாது.

முதலில் டிப்ளாய்மென்ட் எண்ணிக்கை. இது எளிதில் கிடைக்கும் எண், எளிதில் தப்பாகிவிடும் எண்ணும் கூட. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடுகிறதென்றால் டெர்மினலில் ஒரே கட்டளை போதும்:

```
gh run list --workflow deploy-prod.yml --branch main \
  --status success --created 2025-01-01..2025-03-31 \
  --limit 500 --json createdAt --jq length
```

அந்த மூன்று மாதத்தில் 52 என்று வருகிறது என்போம். 13 வாரத்துக்கு 52, அதாவது வாரத்துக்கு நான்கு. `--limit` போடாவிட்டால் 20-க்கு மேல் காட்டாது, அதைப் பார்த்து 20 என்று எழுதிவிடக்கூடாது. ஜென்கின்ஸ் என்றால் வேறு சிக்கல். பழைய பில்டுகளை அழிக்கும் அமைப்பு பெரும்பாலும் போட்டிருப்பார்கள், அதனால் பட்டியலில் கடைசி சில பில்டுகள்தான் நிற்கும். ஆனால் பில்ட் எண் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். ஜனவரியில் 310, மார்ச் கடைசியில் 380 என்றால் நடுவில் 70 ஓட்டங்கள். தோற்றதும் அதில் அடக்கம், அதைக் கழித்துத்தான் சொல்லவேண்டும்.

பைப்லைன் வருவதற்கு முன் இருந்த நிலைக்கு ஓட்ட வரலாறே இருக்காது, கையால் செய்த காலம் அது. அதற்கு ரிலீஸ் டிக்கெட்டுகளை எண்ணவேண்டும். டிக்கெட் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன "இன்று ரிலீஸ்" மெயில்களை எண்ணலாம், கிட் டேக் போட்டிருந்தால் அதையும் எண்ணலாம். நம் உதாரணத்தில் முந்தைய ஒரு காலாண்டில் 6 ரிலீஸ் என்று கிடைக்கிறது. ஆக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருந்தது வாரத்துக்கு நான்காக மாறியிருக்கிறது. ரெஸ்யூமில் போக வேண்டியது இந்த இரண்டும் சேர்ந்த வாசகம். "எட்டு மடங்குக்கு மேல்" என்று மட்டும் எழுதினால் கணக்கு சரிதான். ஆனால் அடிப்படை 6 என்று தெரியாதவரை அதற்கு மதிப்பில்லை, தெரிந்தபின் மிகைப்படுத்தியதுபோல் ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அனுபவமுள்ள பேனல் இதைத்தான் நோண்டும். கிட்ஹப்பில் தோற்ற ஓட்டத்தை மறுபடி ஓட்டினால் புதிய ஓட்டமாகக் கணக்காகாது. அதே ஓட்டத்தின் அடுத்த முயற்சியாகவே பதிவாகும், கடைசி முயற்சி ஜெயித்தால் பட்டியலில் பச்சையாகவே தெரியும். ஆகவே மேலே உள்ள 52-ல் முதல் முயற்சியில் தோற்றவையும் ஒளிந்திருக்கும். இன்னொன்று, பைப்லைன் பச்சையானதும் டிப்ளாய்மென்ட் வெற்றி என்று சொல்லமுடியாது. குபெர்னெட்டிஸில் `kubectl apply` என்பது கோரிக்கையை ஒப்படைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். உள்ளே பாட்கள் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தாலும் பைப்லைன் பச்சைதான். அதனால் அடுத்த படியாக இது இருக்கவேண்டும்:

```
kubectl rollout status deployment/api --timeout=180s
```

இது பாட்கள் தயாராகும்வரை காத்திருக்கும், 180 விநாடிக்குள் தயாராகாவிட்டால் தோல்வி என்று திரும்பும், பைப்லைனும் சிவப்பாகும். "உங்க 52-ல எத்தனை நிஜமா மேல போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் இந்த வரிதான். இதை ரெஸ்யூமில் எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்தப் படி இல்லாத பைப்லைனின் எண்ணிக்கையை ரெஸ்யூமில் போடுவது ஆபத்து.

எண்ணிக்கையை மட்டும் தனியாக நிறுத்தவும் கூடாது. வாரத்துக்கு நான்கு முறை போடுகிறேன் என்றால், எதிரே இருப்பவர் மனதில் "நான்கு முறை உடைக்கிறாயா?" என்றுதான் முதலில் ஓடும். கூகுளின் டோரா ஆய்வுக் குழு பரவலாக்கிய நான்கு அளவுகள் பெரும்பாலான பேனல்களுக்குப் பரிச்சயம்: எத்தனை முறை போடுகிறோம், மாற்றம் ப்ரொடக்‌ஷனுக்குப் போக எவ்வளவு நேரம், எத்தனை டிப்ளாய்மென்ட் தொல்லை கொடுத்தது, தொல்லையிலிருந்து மீள எவ்வளவு நேரம். முதல் எண்ணோடு மூன்றாவதைச் சேர்த்துவிட்டால் போதும். நம் உதாரணத்தில் 52-ல் 5 முறை ரோல்பேக் செய்தார்கள், ஏறக்குறைய 10 சதவீதம். அதற்கு முன் 6-ல் 2. இதை 33 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தேன் என்று எழுத ஆசை வரும். எழுதவேண்டாம். 6 என்ற சிறிய எண்ணிக்கையில் சதவீதம் போட்டால், ஒரு ரிலீஸ் அப்படி இப்படிப் போனாலே 17 புள்ளி ஆடிவிடும். "52 டிப்ளாய்மென்ட்டில் 5 ரோல்பேக்" என்று அப்படியே போட்டால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

நேரம் பற்றிய எண்ணுக்கு ஒரே எச்சரிக்கை. பைப்லைன் ஓடும் நேரமும், மெர்ஜ் ஆனதிலிருந்து ப்ரொடக்‌ஷன் வரை ஆகும் நேரமும் ஒன்றல்ல. முதலாவது நிமிடக் கணக்கு, இரண்டாவது நாள் கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பி "9 நாளிலிருந்து 9 நிமிடம்" என்று எழுதிய ரெஸ்யூம்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவர் சிரிப்பார்.

அடுத்தது பைப்லைன் வரி. இதில் அமைத்தேன் என்ற சொல் எதையும் சொல்வதில்லை. ஓடும் நேரம் 24 நிமிடத்திலிருந்து 9 ஆனது என்றால் சொல்கிறது. ஆனால் ஏன் குறைந்தது என்று அரை வரியாவது கூடவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெரிய மெஷின் வாங்கிப் போட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நம் உதாரணத்தில் காரணம் டாக்கர்ஃபைலில் மூன்று வரிகளின் வரிசை:

```
COPY package.json package-lock.json ./
RUN npm ci
COPY . .
```

முதலில் எல்லா ஃபைல்களையும் காப்பி செய்துவிட்டு அப்புறம் `npm ci` ஓட்டியிருந்தார்கள். ஒரு எழுத்து மாறினாலும் அதற்குக் கீழே உள்ள அடுக்குகள் எல்லாம் செல்லாததாகி, எல்லா பேக்கேஜும் மறுபடி இறங்கும். வரிசையை மாற்றினால், லாக் ஃபைல் மாறாதவரை அந்த அடுக்கு அப்படியே கிடைக்கும். இங்கேதான் பேனல் அடுத்த பந்தைப் போடும்: "கிட்ஹப் ரன்னர் ஒவ்வொரு தடவையும் புது மெஷின் ஆச்சே, பழைய அடுக்கு அதுல எப்படி இருக்கும்?" சரியான கேள்வி. வரிசையை மாற்றினால் மட்டும் கிட்ஹப்பின் சொந்த ரன்னரில் ஒரு நிமிடம்கூடக் குறையாது, அடுக்குகளை வெளியே சேமிக்கவேண்டும். பில்ட் ஆக்‌ஷனில் இந்த இரண்டும் இருக்கவேண்டும்:

```
cache-from: type=gha
cache-to: type=gha,mode=max
```

`mode=max` இல்லாவிட்டால் கடைசி இமேஜுக்குப் போன அடுக்குகள் மட்டும் சேமிக்கப்படும், பல கட்ட பில்டில் நடுவில் இருக்கும் `npm ci` அடுக்கு விடுபட்டுப்போகும். இந்த அளவுக்கு ஒரு வரியைப் பேச முடிந்தால் பேனலில் பாதிப் பேர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால்தான் சொல்கிறேன், ரெஸ்யூமில் பத்து பைப்லைன் சாதனை வேண்டாம். இப்படி உள்ளே இறங்கிப் பேசக்கூடிய இரண்டு போதும்.

இப்போது பணம். அந்த 40 சதவீதம். ரெஸ்யூமில் அதிகம் பொய்யாகிற வரி இதுதான், வேண்டுமென்றே இல்லாமலும் ஆகிவிடும். பில் ஒரு மாதம் குறைந்ததற்கு நாம் காரணமாக இல்லாமல் போகலாம். ஏடபிள்யூஎஸ் கொடுத்த கிரெடிட் அந்த மாதம் கழிந்திருக்கலாம், பிப்ரவரியில் நாட்களே குறைவு. அதனால் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் `Charge type` வடிகட்டியில் `Credit`, `Refund`, `Tax` மூன்றையும் நீக்கிவிட்டுத்தான் பார்க்கவேண்டும். பிறகு `Usage type` வாரியாகப் பிரித்தால், எந்த வரி எதனால் குறைந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரியும்.

நம் உதாரணக் கம்பெனியின் பில் மும்பை ரீஜியனில் மாதம் 4,200 டாலர். அந்தப் பெண் செய்த வேலை மூன்று. முதலாவது நாட் கேட்வே. தனி சப்நெட்டில் இருக்கும் சர்வர்கள் வெளியே போக நாட் கேட்வே வழியாகத்தான் போகவேண்டும், அது மணிக்கும் காசு வாங்கும், கடக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு வாங்கும். `APS3-NatGateway-Bytes` என்ற வரியில் மாதம் 504 டாலர் நின்றது. `APS3` என்பது மும்பைக்கான முன்னொட்டு. போய்க்கொண்டிருந்தது என்னவென்று பார்த்தால், அதே ரீஜியனில் இருக்கும் எஸ்3-க்குப் போகும் பேக்கப்பும், கன்டெய்னர் இமேஜ் இறக்கமும்தான். இமேஜின் அடுக்குகள் ஏடபிள்யூஎஸ்ஸின் இமேஜ் கிடங்கான ஈசிஆரில் இருந்தாலும் உண்மையில் இறங்குவது எஸ்3-லிருந்து. எஸ்3-க்கான கேட்வே என்ட்பாயின்ட்டுக்குக் கட்டணமே கிடையாது. அதை உருவாக்கி ரூட் டேபிளில் சேர்த்ததும் அந்த வரி 84 டாலராக இறங்கியது. மிச்சம் 420. ரூட் டேபிளில் சேர்க்க மறந்தால் என்ட்பாயின்ட் இருக்கும், பில் குறையாது. வேறு ரீஜியன் பக்கெட்டுக்குப் போகும் போக்குவரத்தும் இதனால் குறையாது.

இரண்டாவது டிஸ்க். ஜிபி2 என்ற டிஸ்க் வகையிலிருந்து ஜிபி3 வகைக்கு மாற்றினால் ஒரு கிகாபைட்டுக்கு 20 சதவீதம் விலை குறைவு. 684 டாலர் 547 ஆனது, மிச்சம் 137. மெஷினை நிறுத்தாமலே மாற்றலாம் என்பதால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஆனால் ஜிபி3-ன் அடிப்படை 3,000 ஐஓபிஎஸ், அதாவது விநாடிக்கு அத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும். வேகம் விநாடிக்கு 125 எம்பி. ஜிபி2-ல் ஒரு கிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் என்ற கணக்கில் கிடைக்கும், ஆக 2 டிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய 6,000. அதன் வேகமும் விநாடிக்கு 250 எம்பி வரை போகும். டேட்டாபேஸ் டிஸ்க்கை அப்படியே அடிப்படை ஜிபி3-க்கு மாற்றினால் காசு மிச்சமாகும், இரவு பேக்கப் இழுக்க ஆரம்பிக்கும். பெரிய டிஸ்க்குகளுக்குத் தனியாகக் காசு கொடுத்து ஐஓபிஎஸ்ஸும் வேகமும் கூட்டவேண்டும், அங்கே மிச்சம் 20 சதவீதமாக இருக்காது. இதைத் தானாகவே பேனலில் சொல்லிவிடுகிறவர் மேல் மரியாதை வருகிறது.

மூன்றாவது, டெவலப்மென்ட் மெஷின்களை இரவிலும் சனி ஞாயிறிலும் நிறுத்துவது. வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை நாளில் 12 மணி வீதம் ஐந்து நாள் என்றால் 60 மணிதான் ஓடும். 900 டாலர் இன்ஸ்டன்ஸ் செலவு 321 ஆகும், மிச்சம் 579. டிஸ்க்குக்கான காசு மெஷின் நின்றாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அது இந்த 900-ல் சேராது. இன்னொரு பொறியும் உண்டு. அந்த மெஷின்களுக்காகக் கம்பெனி சேவிங்ஸ் பிளான் வாங்கியிருந்தால், நிறுத்தினாலும் ஒப்புக்கொண்ட மணித் தொகை போய்க்கொண்டேதான் இருக்கும். வேறு மெஷின் ஏதாவது அந்த இடத்தைப் பயன்படுத்தாவிட்டால் மிச்சம் பூஜ்யம். ஆகவே ரெஸ்யூமில் போடுவதற்கு முன் பிளான் இருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும்.

மூன்றையும் கூட்டினால் 1,136 டாலர். 4,200-ல் 27 சதவீதம். அப்படியானால் 40 எங்கிருந்து வந்தது? பேட்ச்மேட்டின் ரெஸ்யூமில் 40 இருந்தது, அதனால் இதிலும் 40. பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. 27 என்பது வட்டமில்லாத எண்ணாக இருப்பதே நல்லது, பில்லைப் பார்த்து எழுதியது என்று தெரியும். இன்னொரு கேள்விக்கும் தயாராக இருக்கவேண்டும்: மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளர் கூடி, பில் மறுபடி 3,500-க்கு ஏறியிருந்தால்? "மொத்த பில் 17 சதவீதம்தான் குறைஞ்சிருக்கே?" என்பார்கள். அதற்குப் பதில், மொத்தத்தை விட்டுவிட்டு வரி வரியாகச் சொல்வது. நாட் கேட்வே வரி 504-லிருந்து 84 ஆனதை எந்த வாடிக்கையாளர் வளர்ச்சியும் பொய்யாக்காது.

இப்போது அந்த மூன்று வரிகளும் ரெஸ்யூமில் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். "ஆறு சர்வீஸ்களுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பைப்லைன் எழுதினேன். அடுக்கு கேஷால் பில்ட் நேரம் 24 நிமிடத்திலிருந்து 9 ஆனது." "ப்ரொடக்‌ஷன் டிப்ளாய்மென்ட் காலாண்டுக்கு 6-லிருந்து 52 ஆனது, அதில் 5 ரோல்பேக்." "எஸ்3 என்ட்பாயின்ட், ஜிபி3 மாற்றம், டெவ் மெஷின்களுக்கு நேர அட்டவணை ஆகியவற்றால் மாதாந்திர ஏடபிள்யூஎஸ் செலவு 27 சதவீதம் குறைந்தது." டாலர் தொகையை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் கடைசி வரியில் இருப்பதுபோல் விகிதம் மட்டும் போதும். பேனலில் தொகையைக் கேட்டால் "நான்கு இலக்க டாலர் பில்" என்றால் புரிந்துகொள்வார்கள். குழுவாகச் செய்ததில் நம் பங்கு என்ன என்பதும் தெரியவேண்டும். டெராஃபார்ம் மாட்யூலை வேறொருவர் எழுதி, நாம் அதை ஓட்டினோம் என்றால் ஓட்டினோம் என்றுதான் எழுதவேண்டும். அந்தக் குழுவிலிருந்தே யாராவது அந்தப் பக்கத்துப் பேனலில் உட்கார்ந்திருப்பார்கள். கோவை ஒன்றும் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

சான்றிதழ்களுக்கு வருவோம், இங்கேதான் கையிலிருந்து பணம் போகிறது. ஏடபிள்யூஎஸ் அசோசியேட் தேர்வு 150 டாலர், புரொஃபஷனல் 300, வரி தனி. தோற்றால் 14 நாள் காத்திருந்து முழுக் கட்டணமும் மறுபடி கட்டவேண்டும். ஜெயித்தால் அடுத்த தேர்வுக்குப் பாதி விலைக் கூப்பன் கிடைக்கும், அது கணக்கிலேயே கிடக்கிறது, நிறையப் பேர் பார்க்காமல் முழு விலை கட்டுகிறார்கள். குபெர்னெட்டிஸின் சி.கே.ஏ தேர்வு விலை அதிகம்தான். ஆனால் ஒரு மறு முயற்சி அந்தக் கட்டணத்திலேயே அடக்கம், விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும் கிடையாது, இரண்டு மணி நேரம் நிஜ கிளஸ்டரில் வேலை செய்து காட்டவேண்டும். இயக்கும் வேலைக்குப் போகிறவர் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் போட முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். கிளவுட் பிராக்டிஷனர் சான்றிதழ் மட்டும் இருந்தால் போடலாம். அசோசியேட் வந்தபின் அதை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடலாம், இடம்தான் வீண்.

சான்றிதழுக்குப் பக்கத்தில் பெற்ற மாதமும் காலாவதி மாதமும் சரிபார்க்கும் இணைப்பும் இருக்கவேண்டும். ஏடபிள்யூஎஸ் சான்றிதழுக்கு மூன்று வருட ஆயுள். சி.கே.ஏ-க்கு 2024 ஏப்ரலிலிருந்து இரண்டு வருடம்தான். மைக்ரோசாஃப்ட்டின் அசோசியேட் வகைகளுக்கு ஒரே வருடம், ஆனால் புதுப்பிப்பு இலவசம், வீட்டிலிருந்தே செய்யலாம். காலாவதியானதைத் தேதி இல்லாமல் போட்டால் சரிபார்ப்பில் வெளியே வந்துவிடும்.

நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருக்கும், பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. தேர்வுக் கணக்கில் போட்ட பெயரும் தேர்வன்று காட்டும் அடையாள அட்டையும் பொருந்தாவிட்டால் உட்காரவே விடமாட்டார்கள், கட்டணமும் போகும். பெயரைத் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். ரெஸ்யூமின் தலைப்பிலும் அதே பெயர் இருந்தால் பின்னால் பின்னணிச் சரிபார்ப்பில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் போய் வரும் ஊரில் வீட்டிலிருந்து தேர்வு எழுதுவதும் சூதாட்டம்தான். ஏடபிள்யூஎஸ் தேர்வை மையத்துக்குப் போய் எழுதலாம், கோவைக்கு ஒரு நாள் போய் வருவது நிம்மதி. சி.கே.ஏ ஆன்லைனில் மட்டும்தான், அதற்கு யுபிஎஸ்ஸும் மாற்று இணைப்பும் உள்ள ஒரு அறையை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வேலை அனுபவமே இல்லாதவர் சான்றிதழ்களை அடுக்குவதைவிட, கிட்ஹப்பில் ஒரே ஒரு ரெப்போவை ஒழுங்காக வைப்பது மேல்: ஒரு சின்ன ஆப், பைப்லைன், டெராஃபார்ம். ஆனால் `terraform.tfstate` ஃபைல் மட்டும் அதில் ஏறிவிடக்கூடாது. பாஸ்வேர்டுகள் அதில் அப்படியே எழுத்தாக இருக்கும். அதைக் கண்டால் ரெப்போவைத் திறந்தவர் மூடிவிடுவார்.

கடைசியாக ஃபைல். இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஓரத்தில் கலர் கட்டம் போட்ட டெம்ப்ளேட் கண்ணுக்கு அழகு. ஆனால் கம்பெனிகளின் சாஃப்ட்வேர் அதைப் படிக்கும்போது இடதுபக்க வரியும் வலதுபக்க வரியும் கலந்துவிடலாம். சாஃப்ட்வேர் என்ன பார்க்கும் என்று ஓரளவு தெரிந்துகொள்ள லினக்ஸில் இது போதும்:

```
pdftotext resume.pdf - | less
```

அதில் கம்பெனிப் பெயரும் தேதியும் அதன் கீழுள்ள வரிகளும் வரிசையாக வந்தால் சரி. எழுத்துகள் உடைந்தோ, திறன்கள் பட்டியல் அனுபவத்தின் நடுவில் புகுந்தோ வந்தால் டெம்ப்ளேட்டை மாற்றவேண்டும். ஒற்றைப் பத்தி, சாதாரண எழுத்துரு, நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. திறன்கள் வரிசையில் நாற்பது கருவி வேண்டாம். மேலே அனுபவ வரிகளில் எங்காவது வந்திருப்பவை மட்டும் போதும்.

முகவரியில் பாலக்காடு மாவட்டம் என்று பார்த்ததும் கோவை எச்ஆர் சிலர் ஊர் மாற வேண்டியிருக்குமே என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம் என்பது அவர்களுக்குத் தெரியாது. முழு முகவரியை எடுத்துவிட்டு, பெயருக்குக் கீழே "கோவையிலிருந்து வேலை செய்யலாம்" என்று ஒரு வரி போடுங்கள், கொச்சிக்கு அனுப்பும் பிரதியில் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள். தெரிந்த மொழிகளில் தமிழோடு மலையாளத்தையும் மறக்காமல் எழுதுங்கள். இரவு ஆன்கால் டூட்டிக்கு இரண்டு ஊர்க் குழுவோடும் பேசக்கூடிய ஆளைத் தேடும் டீம்கள் இருக்கின்றன. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், விலைகொடுத்துக் குறைத்துக்கொள்ள முடியுமா என்பதும் அதே மேல் வரியில் இருக்கட்டும். அழைப்பு வந்தால் எச்ஆர் முதலில் கேட்பது அதைத்தான்.